நாலு கப் காபிக்கும் போகாத தூக்கம்

நாளுக்கு நாலு கப் குடித்தும் காலை பதினொரு மணிக்கே எனக்குக் கண் சொக்கியது. சரி, விட்டுவிடலாம் என்று ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் மாலை நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. காரணம் புரிந்த பிறகுதான் வழி கிடைத்தது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும். நரம்புச் செல்களில் அதற்கென்று இருக்கும் இருக்கை போன்ற ஏற்பியில் அது போய் உட்கார்ந்தால் அந்தச் செல்கள் மந்தமாகும், தூக்கம் வரும். காபியிலுள்ள காஃபீன் அதே ஏற்பியில் இடம்பிடித்துக்கொள்ளும், ஆனால் அதை இயக்காது. அடினோசின் குறைவதில்லை, வெளியே காத்திருக்கிறது. தினமும் இப்படி அடைத்தால் மூளை ஈடுகட்டப் பார்க்கும். ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும் என்பது முக்கியமான ஒரு விளக்கம். அப்போது பழைய அளவு போதாது. திடீரென நிறுத்தினால் அத்தனை ஏற்பியிலும் அடினோசின் ஏறி, மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும். என் தலைவலி அதுதான்.

அப்புறம் மறுபடி குடிக்கத் தொடங்கி, நாலு நாளுக்கு ஒருமுறை ஒரு கப் வீதம் குறைத்தேன். மதியத்துக்கு மேல் தொடவில்லை, ஏனென்றால் குடித்ததில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். தலைவலி வரவில்லை. இப்போது காலையில் ஒரு கப், அதுவே நன்றாக எழுப்பிவிடுகிறது.