‘அன்கண்ட்ரோல்ட், டோஸ் கூட்டியாச்சு’: சர்க்கரை நோயாளியின் சோப் நோட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் குறிப்பு இது:

“டைப் 2 டி.எம்., ஃபாலோ அப். நோ ஃப்ரெஷ் கம்ப்ளைன்ட்ஸ். எஃப்.பி.எஸ். 172, பி.பி.பி.எஸ். 268, எச்பிஏ1சி 8.6. விட்டல்ஸ் ஸ்டேபிள். அன்கண்ட்ரோல்ட். கிளிமிபிரைடு 2 மி.கி.யை 3 மி.கி. ஆக்கவும், இரு வேளை. ரிவ்யூ 1 மாதம்.”

வெறும் வயிற்றில் பார்க்கும் எஃப்.பி.எஸ்., சாப்பிட்ட பின் பார்க்கும் பி.பி.பி.எஸ்., சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்று இதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. எல்லாம் லேப் சீட்டில் இருந்தபடியே இருக்கிறது. ஆனாலும் இந்த நோட்டை நம்பி மருந்து கொடுத்தால் அந்த நோயாளி ஒரு நாள் காலை பத்து மணிக்கு வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழ வாய்ப்பு உண்டு. எப்படி என்று பார்க்க, ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். 56 வயது அம்மா, ஒன்பது வருடச் சர்க்கரை, பூ மார்க்கெட்டில் வியாபாரம். மெட்ஃபார்மின் 1000 மி.கி., கிளிமிபிரைடு 2 மி.கி., இரண்டும் இரு வேளை. காலை 6 மணிக்கு டீயோடு மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். முதல் சாப்பாடு 11 மணிக்கு.

சோப் நோட்டில் நான்கு பகுதி: நோயாளி சொல்வது சப்ஜெக்டிவ், பார்த்தும் அளந்தும் எழுதுவது ஆப்ஜெக்டிவ், அதை வைத்து டாக்டர் யோசித்தது அசெஸ்மென்ட், செய்யப்போவது பிளான். முதல் தவறு சப்ஜெக்டிவ் பகுதியில், ‘நோ ஃப்ரெஷ் கம்ப்ளைன்ட்ஸ்’ என்ற மூன்று சொல்லில் நடக்கிறது. நோயாளி எதுவும் சொல்லவில்லை என்பதற்கும், யாரும் கேட்கவில்லை என்பதற்கும் இந்த வரியில் வித்தியாசம் தெரியாது. “மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?” என்று கேட்டால் “போடறேன் சார்” என்பதுதான் பதில். டாக்டர் முன்னால் வேறு என்ன சொல்வார்கள்? “போன வாரம் எத்தனை நாள் காலை மாத்திரை விட்டுப்போச்சு?” என்று கேட்டால், விடுவது சகஜம்தான் என்ற தொனியே உண்மையை வரவழைக்கும். இன்னும் நல்ல வழி, மாத்திரைப் பையைத் திறந்து எண்ணுவது. 30 நாளுக்கு 60 கிளிமிபிரைடு கொடுத்ததில் 17 மீதி இருந்தால் கதை அங்கேயே வெளியே வந்துவிடும்.

தாழ்சர்க்கரை விஷயமும் அப்படித்தான். “லோ சுகர் வந்துச்சா?” என்றால் ‘இல்லை’ என்பார்கள், வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லாதவருக்கு எது லோ என்று எப்படித் தெரியும்? படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல் என்று அறிகுறியைச் சொல்லிக் கேட்க வேண்டும். வந்தது என்றால் மூன்று விவரம் நோட்டில் ஏற வேண்டும்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் எப்போது சாப்பிட்டார், எதைச் சாப்பிட்டதும் எவ்வளவு நேரத்தில் சரியானது.

இந்த அம்மாவிடம் அப்படிக் கேட்டால் சப்ஜெக்டிவ் பகுதி இப்படி மாறும்: “வாரத்தில் 2 முறை காலை 10 மணி வாக்கில் நடுக்கம், வியர்வை, சர்க்கரை போட்ட டீ குடித்து 15 நிமிடத்தில் சரியாகிறது. காலை 6 மணிக்கு மாத்திரை, 11 மணிக்கு முதல் உணவு. பயந்து வாரத்தில் 4 நாள் காலை மாத்திரை முழுவதையும் விடுகிறார். 60-இல் 17 மீதி. மயக்கம், வலிப்பு இல்லை. வீட்டில் மீட்டர் இல்லை.” எழுத ஒரு நிமிடம் ஆகாது. முழுக் கதையும் இதில் இருக்கிறது.

ஆப்ஜெக்டிவ் பகுதியில் எண்கள் இருக்கும். எண்ணோடு சேர வேண்டிய சூழல் இருக்காது. நம் ஊர் ஓ.பி.களில் இதற்கு ஒரு தனி ரூபம் உண்டு. நோயாளி வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்கிறார், கேன்டீனில் இட்லி சாப்பிடுகிறார், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கிறார். நடுவில் மாத்திரை போடுவதில்லை. ‘டெஸ்ட் அன்னைக்கு மாத்திரை போடக் கூடாது’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள். இப்போது வரும் 268 என்ற எண், மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவே இல்லை. காலை மருந்து இல்லாமல் இட்லி என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அதைப் பார்த்து டோஸைக் கூட்டினால், வீட்டில் மாத்திரையை ஒழுங்காகப் போடும் நாளில் சர்க்கரை தாழும். ஆகவே எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்: “பி.பி.பி.எஸ். 268 (காலை மாத்திரை போடவில்லை).” இன்சுலின் போடுகிறவருக்கும் இதே கேள்வி பொருந்தும்.

எச்பிஏ1சி எழுதும்போது எடுத்த தேதியும் வேண்டும். நான்கு மாதப் பழைய 8.6-ஐ இன்றைய எண்போல எழுதுவது சாதாரணமாக நடக்கிறது. ரத்தசோகை இருந்தால் ஹீமோகுளோபின் அளவையும் பக்கத்தில் போட்டால் நல்லது: இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும்; சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும்.

‘விட்டல்ஸ் ஸ்டேபிள்’ என்பது அளவீடு அல்ல, பி.பி. 148/86 என்றால்தான் அடுத்தவர் ஒப்பிட முடியும். கால் பரிசோதனையில் இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. போன விசிட்டில் எழுதிய ‘ஃபூட் நார்மல்’ கம்ப்யூட்டரில் காப்பியாகி இந்த விசிட்டிலும் வந்து உட்காரும், செருப்பைக் கழற்றச் சொல்லாமலே. பார்க்கவில்லை என்றால் “கால் இன்று பார்க்கவில்லை, அடுத்த விசிட்டில்” என்று எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை. பார்த்திருந்தால் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்: “இரு பாதமும் புண் இல்லை, 10 கிராம் மோனோஃபிலமென்ட் உணர்வு உண்டு, டார்சாலிஸ் பீடிஸ் நாடி கிடைக்கிறது.”

இனி அசெஸ்மென்ட். பெரும்பாலான நோட்டுகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. பிரச்சினைவாரியாகக் குறிப்பு எழுதும் முறையை 1960களில் கொண்டுவந்த அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட், எழுதியவர் எப்படி யோசித்தார் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதை வகுத்தார். ‘அன்கண்ட்ரோல்ட்’ என்பதில் யோசனை எதுவும் இல்லை. அது ஆப்ஜெக்டிவ் பகுதியில் இருந்த 8.6-ஐ வேறு சொல்லில் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை ஏன் கூடியிருக்கிறது? மருந்து போதவில்லையா, மருந்து உள்ளே போகவில்லையா, சாப்பாடா, தொற்றா, வேறு எதற்காவது ஸ்டீராய்டு எடுக்கிறாரா? இதில் எது என்று ஒரு வரி எழுதினால்தான் அது அசெஸ்மென்ட். நிச்சயம் இல்லையென்றால் ‘சந்தேகம்’ என்றே எழுதலாம்; மீட்டரில் பார்க்காத தாழ்சர்க்கரைக்கு அதுதான் சரியான சொல்லும்கூட.

நம் நோயாளிக்கு இப்படி வரும்: “டைப் 2, 9 வருடம். எச்பிஏ1சி இலக்குக்கு மேல். முக்கியக் காரணம் காலை மாத்திரையை விடுவது. விடுவதற்குக் காரணம், உணவுக்கு 5 மணி நேரம் முன் போடும் கிளிமிபிரைடால் தாழ்சர்க்கரை (சந்தேகம், மீட்டரில் உறுதியாகவில்லை). இன்றைய பி.பி.பி.எஸ். மாத்திரை இல்லாமல் எடுத்தது. டோஸ் கூட்ட ஆதாரமாகாது. கிரியாட்டினின் 1.0, இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 66, மெட்ஃபார்மின் தொடரலாம்.” முதல் நோட்டில் இருந்த அதே சர்க்கரை எண்கள்தான் இங்கேயும் இருக்கின்றன. முடிவு நேர் எதிராகப் போகிறது: அங்கே கிளிமிபிரைடு கூடியது, இங்கே குறைய வேண்டும்.

பி.பி., சிறுநீரகம் போன்ற மற்றப் பிரச்சினைகளுக்குத் தனித்தனி எண் போட்டு ஒவ்வொரு வரி போதும். எல்லாவற்றையும் ‘டி.எம்./எச்.டி.என்.’ என்று ஒரே கயிற்றில் கட்டினால், 148/86-க்கு என்ன செய்தீர்கள் என்பது காணாமல் போகும்.

பிளான் பகுதியில் ‘அதே மருந்தைத் தொடரவும்’ என்பதை ‘சி.எஸ்.டி.’ என்று மூன்றெழுத்தில் முடிப்பது பழைய வியாதி. எந்த மருந்தைத் தொடர்வது? சீட்டில் இருப்பதையா, நோயாளி உண்மையில் போடுவதையா? இந்த அம்மா விஷயத்தில் இரண்டும் வேறு வேறு. மருந்தின் பெயர், மி.கி., வேளை, எந்தச் சாப்பாட்டோடு, மாற்றினால் எதிலிருந்து எதற்கு, ஏன் என்று எழுதினால் அடுத்த டாக்டர் குழம்ப மாட்டார்:

“காலை கிளிமிபிரைடு 2 மி.கி.யிலிருந்து 1 மி.கி. (தாழ்சர்க்கரை சந்தேகம்), 6 மணிக்கு அல்ல, 11 மணி உணவோடு. சாப்பிடாவிட்டால் போட வேண்டாம். இரவு 2 மி.கி. உணவோடு, மாற்றமில்லை. மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரு வேளை உணவோடு, விடாமல். நடுக்கம் வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி. முடிந்தால் அந்த நேரத்தில் அருகில் சுகர் பார்க்கவும் (திருப்பிச் சொல்லக் கேட்டாயிற்று). 2 வாரத்தில் வரவும்: எஃப்.பி.எஸ்., மாத்திரை போட்டபின் பி.பி.பி.எஸ்., மீதி மாத்திரையோடு. நடுக்கம் நின்று, பி.பி.பி.எஸ். 200-க்கு மேல் இருந்தால் தாழ்சர்க்கரை தராத மருந்து ஒன்றைச் சேர்க்க யோசிக்கவும். எச்பிஏ1சி 3 மாதம் கழித்து. மயக்கம், விடாத வாந்தி, காலில் புண் என்றால் உடனே.”

கிளிமிபிரைடை அடியோடு நிறுத்தியிருக்கலாம் என்று இன்னொரு டாக்டர் சொல்லலாம்; அதுவும் நியாயம்தான். காரணம் எழுதியிருந்தால் அந்த விவாதம் நடக்க முடியும். ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ என்று முடித்திருந்தால் அதற்கும் வழியில்லை. எது வந்தால் திரும்பி வர வேண்டும் என்று நோயாளிக்கும் தெரியாது.

இன்சுலின் எழுதும்போது இரண்டு ஆபத்து. ‘யூனிட்’ என்பதை ஆங்கிலத்தின் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகி 10 என்பது 100 ஆகத் தெரியும். முழுச் சொல்லாக எழுதுங்கள். இன்னொன்று, இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வீரியத்திலும் இன்சுலின் கிடைக்கிறது, சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்கான சிரிஞ்சில் 100 வீரிய மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றி இழுத்தால் 8 யூனிட்தான் போகும். டோஸோடு வீரியமும் சிரிஞ்சும் நோட்டில் இல்லையென்றால், ‘இன்சுலின் வேலை செய்யவில்லை’ என்று அடுத்த விசிட்டில் டோஸ் கூடும்.

வெளியே நாற்பது பேர் நிற்கும் நாளில் இத்தனையும் எழுத முடியாதுதான். உயரம், எடை, பி.பி.யை நர்ஸ் எழுதிவிடலாம். மாத்திரை போட்டாரா என்பதை ரத்தம் எடுக்கும் இடத்திலேயே சீட்டில் குறிக்கச் சொல்லலாம். அப்படியும் நேரம் இல்லையென்றால் நல்லா இருக்கிற உறுப்புகளின் பட்டியலை விட்டுவிடுங்கள். விடக் கூடாதவை நான்கு: நோயாளி உண்மையில் என்ன போடுகிறார், தாழ்சர்க்கரை உண்டா இல்லையா, சர்க்கரை ஏன் இப்படி இருக்கிறது, இன்று எதை ஏன் மாற்றினீர்கள்.