தாண்டுவதற்கு முன் இறங்கத் தெரிய வேண்டும்: பதின்வயதுப் பிள்ளைகளுக்கான பிளையோமெட்ரிக் படிகள்

சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நீளம் தாண்டுதலும் மும்முறை தாண்டுதலும் பழகுகிறார்கள். இறங்கியதும் உடனே துள்ளி எழும் பிளையோமெட்ரிக் பயிற்சிக்கு அவர்களை ஒவ்வொரு படியாகக் கொண்டுபோகிறேன். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் இறங்கியது யார் என்று சொல்லிவிடுவேன். ஒருத்தி இறங்கினால் கோணிப்பையைத் திண்ணையில் வைத்த மாதிரி இருக்கும். இன்னொருவன் இறங்கினால் தேங்காய்க் குலை விழுந்ததுபோல் ‘தொம்’ என்று கேட்கும். அந்தத் ‘தொம்’ சத்தம் நிற்கிற வரை அவனுக்கு அடுத்த பயிற்சியைக் கொடுக்க மாட்டேன்.

இந்தப் பிடிவாதம் சொந்த அனுபவத்தில் வந்தது. நான் படித்த பள்ளியில் ‘காலுக்கு ஸ்பிரிங் வரும்’ என்று கேலரிப் படிகளிலிருந்து சிமென்ட் தரைக்குக் குதிக்கச் சொல்வார்கள். எப்படி இறங்குவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. இன்றும் சென்னிமலையின் 1320 படிகளை ஏறுவது எனக்குப் பெரிதில்லை, இறங்கும்போதுதான் முழங்கால் சிப்பிக்குக் கீழே குத்துகிறது.

சத்தம் ஏன் முக்கியம்?

சிறிய கணக்கு ஒன்று போடுவோம். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண் 20 செ.மீ. உயரத்திலிருந்து இறங்குகிறாள். கால் தரையைத் தொட்ட பிறகு இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, உடல் இன்னும் 20 செ.மீ. தாழ்ந்து நின்றால், அந்த நேரத்தில் கால்கள் தாங்கும் சராசரி விசை எடையைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 90 கிலோ. அதே பெண் காலை விறைத்துக்கொண்டு 5 செ.மீ. தூரத்திலேயே நின்றுவிட்டால் அது ஐந்து மடங்கு ஆகிறது, அதாவது 225 கிலோ. உயரமும் எடையும் மாறவில்லை, நிற்க எடுத்துக்கொண்ட தூரம்தான் மாறியது. இது சராசரிதான், உச்சத்தில் விசை இதைவிடக் கூடும். ‘தொம்’ என்று நம் காதில் விழுவது அந்த உச்சம்.

தேவையானவை

இரண்டு எட்டு அங்குல சாலிட் பிளாக் கற்கள் போதும். அவற்றைச் சமதரையில் படுக்கவைத்து ஒட்டி வைத்தால் 20 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை கிடைக்கும். மேலே ஏறி நின்று ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் அடியில் மண்ணை அணைக்க வேண்டும். கெட்டியான செம்மண் தரையோ புல்தரையோ நல்லது. மஞ்சள் காயப்போடும் சிமென்ட் களம் வழவழவென்று சமமாக இருப்பதால் அங்கேயே பழகலாமே என்று தோன்றும், வேண்டாம். தாண்டும் மணற்குழியும் இதற்கு ஆகாது. மணல் கால் புதைய இடம் கொடுத்துவிடுவதால் விறைத்து இறங்கியது தெரியாமல் போகும். ஷூவும், படமெடுக்க ஒரு கைபேசியும் வேண்டும்.

முதல் படி: குதிக்காமல் இறங்குவது

பாதங்களை இடுப்பு அகலத்தில் வைத்து, குதிகாலைத் தூக்கி, கைகளை மேலே நீட்டி நிற்கச் சொல்லுங்கள். ‘இறங்கு’ என்றதும் கைகளைக் கீழே வீசிச் சட்டென்று அரை உட்கார்வில் நிற்க வேண்டும். பின்னால் ஒரு முக்காலி இருப்பதாக நினைத்துக்கொண்டு இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மார்பு கொஞ்சம் முன்னால் சாயலாம். முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். முன்பாதத்தில் பாரம் ஏறி, பிறகு குதிகால் மெல்லத் தரையைத் தொடும். மூன்று எண்ணும் வரை ஆடாமல் நிற்க வேண்டும்.

இடுப்பைத் தள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கினால், பாரம் பெரும்பாலும் முன்தொடைத் தசைக்கும் சிப்பிக்குக் கீழுள்ள தசைநாருக்கும் போகிறது. இடுப்பு பின்னால் போனால் பிட்டத் தசையும் பின்தொடையும் பங்கெடுக்கும். வளரும் பிள்ளைகளிடம் அந்தத் தசைநார் போய்ப் பிடித்திருக்கும் எலும்பு முனை இன்னும் முழுதாக இறுகியிருக்காது. திரும்பத் திரும்ப இழுபட்டால் அங்கே வீங்கி வலிக்கும். முழங்காலுக்குக் கீழே முன்புறம் தொட்டால் வலிக்கும் ஒரு மேடு எழும்பினால் அதுதான். மருத்துவர்கள் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள்.

ஐந்து முறை வீதம் இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு நாள், இரண்டு வாரம். பிள்ளைகளுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இரண்டாம் படி: கல்லிலிருந்து இறங்கி நிற்பது

கல்லின் மேல் நின்று ஒரு காலை முன்னால் நீட்டி, அப்படியே விழுந்து, இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொட இறங்க வேண்டும். மேலே எழும்பிக் குதித்தால் உயரம் 20 செ.மீ. என்ற கணக்கே கெட்டுவிடும். ஐந்து முறை வீதம் மூன்று சுற்று.

கைபேசியை முழங்கால் உயரத்தில் நேர் எதிரே வைத்து, மெதுவாக ஓடும் படமாக எடுங்கள். உடல் மிகவும் தாழ்ந்த கணத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தால் அந்தப் பிள்ளை தேறவில்லை.

இந்த உள்சாய்வைத்தான் நான் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன். முழங்கால் அதிகம் மடியாமல் உள்பக்கம் சரியும்போது, மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் ஏ.சி.எல். என்ற நார் முறுக்கி இழுபடுகிறது. அது அறுகிறபோது பெரும்பாலும் யாரும் இடித்திருக்க மாட்டார்கள். கால் தரையைத் தொட்ட 40, 50 மில்லி நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும், கண் இமைக்கக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். தரையைத் தொட்ட பிறகு ‘முழங்காலைச் சரிசெய்’ என்று கத்திப் பயனில்லை. தரைக்கு வருவதற்கு முன்பே கால் சரியான வடிவத்தில் இருக்க வேண்டும், அது பழக்கத்தால் மட்டுமே வரும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம், அதே விளையாட்டை ஆடும் பையன்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. அதனால் அவர்கள் படத்தை இரண்டு தடவை பாருங்கள்.

ஒரு பெண்ணின் இடது முழங்கால்

போன வருடம் வந்த பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி நீளம் தாண்டுபவள். இடது கால்தான் உந்து கால். கல்லிலிருந்து இறங்கும்போது வலது முழங்கால் நேராக நிற்க, இடது மட்டும் ஒவ்வொரு முறையும் உள்ளே போனது. “வலிக்கிறதா கண்ணு?” என்றேன். “இல்லைங்க சார், நான் சரியாகத்தானே நிற்கிறேன்?” என்றாள். படத்தைக் காட்டியதும் அவளுக்கே ஆச்சரியம்.

முதலில் இடுப்புத் தசை பலவீனம் என்று நினைத்தேன், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்கும் பயிற்சியை மூன்று வாரம் கொடுத்தும் மாற்றமில்லை. பிறகுதான் கணுக்காலைப் பார்க்கத் தோன்றியது. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். கட்டைவிரலைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தும் தொட முடிகிறது என்று ஸ்கேலால் அளப்போம். வலது கால் 11 செ.மீ., இடது கால் 6 செ.மீ. மட்டும். விசாரித்தால், ஒரு வருடம் முன்பு கோ-கோ விளையாட்டில் இடது கணுக்கால் பிசகி, எண்ணெய் போட்டு நீவிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள்.

கணுக்கால் முன்னால் மடிய மறுத்தால் உடல் தாழ்வதற்கு வேறு வழி தேடும். பாதம் உட்புறம் சரியும், முழங்காலும் கூடவே போகும். அவளுக்கு வேண்டியிருந்தது இடுப்புப் பயிற்சி அல்ல. அதே சுவர்ச் சோதனையையே பயிற்சியாக்கி, தினமும் இடது காலுக்குப் பத்து முறை வீதம் மூன்று சுற்றும், கெண்டைக்கால் நீட்டலும் கொடுத்தேன். கல்லை ஓரமாக வைத்துவிட்டு முதல் படிக்கே திரும்பினோம். ஏழாவது வாரத்தில் இடது கால் 9 செ.மீ. தொட்டது, படத்தில் முழங்கால் நேராகிவிட்டது. அவளுடைய அப்பா மட்டும், “ஏனுங்க, ஏழு வாரமாக ஒரு தாண்டும் தாண்டவில்லையே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் படி: தாண்டி நிற்பது

தரையிலிருந்து கல்லின் மேல் இரண்டு காலால் குதித்து ஏறச் சொல்லுங்கள். கடினமாகத் தெரிந்தாலும் மூட்டுக்கு இது லேசானது. மேலேயே இறங்குவதால் விழும் உயரம் குறைகிறது. திரும்பும்போது குதிக்காமல் நடந்து இறங்க வேண்டும். இது பழகியதும் நின்ற இடத்திலிருந்து முன்னால் தாண்டி, மூன்று எண்ணும் வரை நிற்கலாம். முழு தூரம் வேண்டாம், முக்கால் தூரம் போதும்.

ஐந்துக்கு ஐந்தும் சுத்தமாக, அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் வந்தால்தான் அடுத்த படி. எந்தப் படிக்கும் இதே விதிதான்.

நான்காம் படி: ஒற்றைக் கால்

ஒரு அடி தூரம் முன்னால் தத்தி அதே காலில் நிற்பது. பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் இரண்டு காலில் நின்றபோது தேவைப்படாத ஒரு வேலை இப்போது சேர்கிறது. இடுப்பு மறுபக்கம் தொங்காமல், பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை தாங்கிப் பிடிக்க வேண்டும். எதிரிலிருந்து பார்த்து, கால்சட்டையின் இடுப்புப் பட்டி சாய்கிறதா என்று கவனியுங்கள். ஒரு காலுக்கு ஐந்து முறை வீதம் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். மும்முறை தாண்டும் பிள்ளைகளை இந்தப் படியில் நான் மாதக்கணக்கில் வைத்திருப்பேன். தேர்ந்த வீரர்கள் இரண்டாவது தாவலின் போது ஒற்றைக் காலில் உடல் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேல் தாங்குகிறார்கள்.

ஐந்தாம் படி: இறங்கியதும் எழுவது

உண்மையில் பிளையோமெட்ரிக் என்பது இங்கேதான் தொடங்குகிறது. தசைநார் இழுபட்டதும் காலம் கடத்தாமல் சுருங்கினால், அந்த இழுவையில் சேர்ந்த ஆற்றல் தாண்டலுக்குக் கிடைக்கும். நீளம் தாண்டுபவரின் கால் பலகையில் இருப்பது ஏறக்குறைய 0.12 நொடிதான்.

இங்கே பிள்ளைகள் குழம்புவார்கள், ஆசிரியர்களும்கூட. இதுவரை ‘மடக்கு, தாழ்’ என்று சொல்லிக்கொடுத்தோம், இப்போது அப்படித் தாழ்ந்தால் வேகம் செத்துவிடும். நிற்பதற்காக இறங்கும்போது ஆழமாகத் தாழ வேண்டும். எழுவதற்காக இறங்கும்போது கணுக்கால் இறுக்கமாகவும் முழங்கால் கொஞ்சமே மடிந்தும் இருக்க வேண்டும். இரண்டிலும் மாறாதது முழங்காலின் நேர்தான். இருந்த இடத்திலேயே சின்னச் சின்னத் துள்ளல்கள், பத்து வீதம் மூன்று சுற்று. ஸ்கிப்பிங் கயிறும் நல்லது. குதிகால் தரையில் அடிக்கத் தொடங்கினால் களைத்துவிட்டார்கள் என்று பொருள், அத்தோடு நிறுத்துங்கள்.

எவ்வளவு, எப்போது குறைப்பது?

கால் தரையைத் தொடுவதை எண்ணுங்கள். துள்ளல் சேர்த்து ஒரு நாளில் 60 முதல் 80 வரை, வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. அதே வாரத்தில் வாலிபால் போட்டி இருந்தால் ஒரு நாளை விட்டுவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் உயரம் அளந்து சுவரில் கோடு போடுங்கள். மாலையில் உயரம் கொஞ்சம் குறைந்து காட்டும். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தால் நான் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடுவேன். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை, போன மாதம் சுத்தமாக இறங்கிய பிள்ளை தடுமாறும்.

மறுநாள் காலை படி இறங்கும்போது வலி இருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். முழங்கால் வீங்கினாலோ, ‘டப்’ என்று உள்ளே சத்தம் கேட்டிருந்தாலோ, நடக்கையில் கால் நழுவினாலோ, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நீவிவிட வேண்டாம்.

உயரமான பெட்டியிலிருந்து குதித்து உடனே எழும்பும் பயிற்சியைக் காணொளிகளில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி வளர்த்தெடுத்த முறை அது. பல வருடம் எடை தூக்கிப் பழகிய வீரர்களுக்கானது. எங்கள் மைதானத்தில் அந்த இரண்டு கற்களுக்கு மேல் மூன்றாவது கல் இல்லை.