அப்பத்தாவோடு குன்றக்குடிக்கு நடை: திட்டம் எங்கே தப்புகிறது

பங்குனி உத்திரத்துக்குக் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு நடக்க வேண்டும் என்று வீட்டில் அப்பத்தாவோ ஐயாவோ சொன்னால், பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்தான் கணக்குப் போடுகிறார்கள். பத்து கிலோமீட்டர்தானே, காலையில் கிளம்பினால் டிபனுக்கு அங்கே இருக்கலாம். தவறு அந்தத் ‘தானே’யில் தொடங்குகிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கும் காலின் கணக்கு அது. எழுபதைத் தாண்டியவர்கள் பேசிக்கொண்டே நடந்தால் மூன்று கிலோமீட்டர் வரும். உட்காரும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேரப் பத்தாகிவிடும். அங்கே போனதும் நடை முடிவதில்லை, சண்முகநாதரைப் பார்க்க மலைப்படி ஏற வேண்டும். களைத்த முழங்கால், வெறுங்கால், வெயிலில் காய்ந்த கல்.

தினசரி தூரத்தை ஊர்க் கணக்கில் முடிவு செய்யாமல் ஆள் கணக்கில் முடிவு செய்யுங்கள். இரண்டு வாரம் முன்பே அடுத்தடுத்து இரண்டு நாள் காலையில் நடக்கவிட்டுப் பாருங்கள். முதல் நாள் உற்சாகத்தில் எல்லாரும் நடந்துவிடுவார்கள். மறுநாள் எழும்போது கால் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. வலிக்கிறதா என்று கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா’ என்றுதான் பதில் வரும். அவர்கள் கட்டிலை விட்டு எழுவதையும் வாசல்படி இறங்குவதையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, அப்பத்தா ஆறு கிலோமீட்டர் தாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குன்றக்குடி நடையை இரண்டு காலையாகப் பிரித்துவிடலாம். முதல் நாள் 4.45-க்குக் கிளம்பி, நாற்பது நிமிடம் நடை, பத்து நிமிடம் உட்காருதல். இப்படி மூன்று நடை நடந்தால் ஏழு மணி வாக்கில் ஆறு கிலோமீட்டர் முடிந்திருக்கும். அந்த இடத்து மைல்கல்லைக் குறித்துக்கொண்டு காரில் வீட்டுக்குத் திரும்பி, அவரவர் கட்டிலில் படுத்துத் தூங்கலாம். மறுநாள் அதே கல்லிலிருந்து நடை. வண்டியில் ஏறினால் வேண்டுதல் என்னாவது என்று கேட்பார்கள். விட்ட இடத்தில் தொட்டால் ஒரு அடிகூடக் குறையவில்லையே! இரண்டாம் நாள் மிச்சம் நான்கு கிலோமீட்டர்தான். ஆறேகாலுக்கு மலையடிவாரம், அரை மணி ஓய்வு, கல் சுடுவதற்குள் படியேறி முடித்துவிடலாம்.

இருட்டில் நடப்பதால் டார்ச்சும் வெளிர் நிறத் துணியும் வேண்டும். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக நடக்க வேண்டும்.

ஓய்வில் நடக்கும் தவறு, ‘முடியலைன்னா சொல்லுங்க’ என்று விட்டுவிடுவது. கூட்டத்தை நிறுத்தக் கூசிக்கொண்டு அவர்கள் சொல்லவே மாட்டார்கள். கடிகாரம் பார்த்து எல்லாரும் உட்காருங்கள். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே ஒரு வேலை, அதனால் பின்னால் வரும் காரில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கட்டும். அரை மணி நேரம் உட்காரவிட்டால் கால் பிடித்துக்கொள்ளும், பத்து நிமிடம் போதும். அதற்குள் செருப்பைக் கழற்றிக் குதிகாலையும் விரல் இடுக்கையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்திருந்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

வெயில் விஷயத்தில் பலர் ஏமாறுவது மாலை நாலு மணியில். ‘வெயில் தாழ்ந்துடுச்சு’ என்று கிளம்பினால், பகலெல்லாம் சூடேறிய தார்ச்சாலை கீழிருந்து சுடும். பங்குனியில் முதியவர்களுக்கு மாலை நடையே வேண்டாம் என்பது என் கட்சி.

வயதானால் தாகம் சரியாக எடுக்காது. வழியில் ஒதுங்க இடம் இல்லை என்று பெண்கள் வேண்டுமென்றே குடிக்காமலும் வருவார்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டம்ளர் கொடுங்கள். நீர் மாத்திரை எடுப்பவர்கள், இதயமோ சிறுநீரகமோ சரியில்லாதவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம், விரதம் என்று சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ மட்டும் போட்டுக்கொண்டு நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். விரதம் உண்டா, மாத்திரை எப்படி என்பதும் அதே டாக்டரிடம் முடிய வேண்டிய பேச்சு.

தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் அன்றைய நடை அதோடு சரி. நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்து ஆள் தடுமாறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.