போனை வாங்கும்போது காரணத்தையும் சொல்லுங்கள்

இரவு 9 மணி, பையன் போனை வைக்க மறுக்கிறான். பிடுங்கிக்கொண்டு “சொன்னா கேளு” என்பது அடக்குமுறை வளர்ப்பு. “சரி, போகட்டும்” என்று விடுவது செல்லம். கவனிக்காமலே இருப்பது அலட்சியம். “காலையில் எழ முடியாமல் தவிக்கிறாய், அதனால் 9 மணிக்கு மேல் கிடையாது. சனிக்கிழமை வேண்டுமானால் இதைப் பற்றிப் பேசலாம்” என்று சொல்லி, அழுதாலும் போனை வாங்கி வைப்பதுதான் அன்பும் கண்டிப்பும் சேர்ந்த வளர்ப்பு.

1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சுமார் 4,100 பதின்பருவத்தினரில் இப்படி வளர்ந்தவர்களே பொதுவாக நன்றாக இருந்தார்கள். செல்லமாக வளர்ந்தவர்களுக்குத் தன்னம்பிக்கை இருந்தது; ஆனால் போதைப் பழக்கமும் பள்ளியில் ஒழுங்கீனமும் அதிகம். அடக்கி வளர்க்கப்பட்டவர்கள் சொன்னதைக் கேட்டார்கள், தன்னம்பிக்கை குறைவு. அலட்சியத்தில் வளர்ந்தவர்கள்தான், பாவம், மிகவும் பின்தங்கினார்கள். இது தொடர்பு மட்டுமே; வளர்ப்புதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பிள்ளையின் சுபாவமும் பெற்றோரை மாற்றும்.