மைக்ரோவேவில் ஓரம் கொதிக்குது, நடு சில்லுனு இருக்கா? சாம்பார் சாதத்தைச் சீராகச் சூடாக்கும் முறை

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சாம்பார் சாதத்தை டப்பாவோடு மைக்ரோவேவில் வைத்து மூன்று நிமிடம் ஓட விட்டால் ஓரத்துச் சாதம் நாக்கைச் சுடும், நடுவில் ஒரு கவளம் சில்லென்றே இருக்கும். உடனே இன்னொரு நிமிடம் கூட்டத்தான் கை போகும். அப்படிக் கூட்டினால் ஓரம் காய்ந்து விறைக்கும், நடு அப்போதும் அரைகுறைதான். சாதத்தை எப்படிப் பரப்புகிறோம், எப்போது கிளறுகிறோம், எவ்வளவு நேரம் மூடி வைக்கிறோம் என்பதில்தான் வழி இருக்கிறது.

நடு ஏன் சூடாவதில்லை?

ஓவனுக்குள் வரும் நுண்ணலைகள் உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பத் திரும்ப எதிரொளிக்கின்றன. அலைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் சூடு அதிகம், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் சூடு மிகக் குறைவு. வீட்டு மைக்ரோவேவில் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. அதனால் சூடான இடத்துக்கும் ஆறிய இடத்துக்கும் நடுவே சில செ.மீ. தூரம்தான் இருக்கும். ஒரே தட்டில் இரண்டும் அமைவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நீர் நிறைந்த உணவில் அலையின் சக்தி பெரும்பாலும் மேற்பரப்பில் இருந்து ஓரிரு செ.மீ. ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். உப்பு இருந்தால் அந்த ஆழம் இன்னும் குறையும். அதற்கு உள்ளே இருக்கும் சாதத்துக்குச் சூடு வெளிச்சாதத்தில் இருந்து மெல்ல மெல்லப் போய்ச் சேர வேண்டும். கெட்டியான சாதத்தில் அது நேரம் பிடிக்கும் வேலை.

உங்கள் ஓவனை முதலில் அப்பளம் வைத்துப் பாருங்கள்

ஒருமுறை செய்தால் போதும். கண்ணாடித் தட்டையும் அடியில் சுழலும் சக்கர வளையத்தையும் வெளியே எடுங்கள். நடுவில் இருக்கும் சுழல் முனையைத் தொடாதபடி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு தட்டை வையுங்கள். பச்சை அப்பளங்களைத் தட்டு முழுக்க ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அப்பளத்தில் ஈரம் குறைவு, ஓவன் காலியாக ஓடுவது போல ஆகிவிடும். அதனால் ஓரத்தில் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வையுங்கள். முழு பவரில் ஓட விட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். முதல் இடங்கள் வெளுத்துக் கொப்புளித்ததும் நிறுத்திவிடுங்கள், விட்டால் கருகும்.

ஒரே அப்பளத்தில் ஒரு பக்கம் பொரிந்திருக்கும், இரண்டு விரல்கடை தள்ளிப் பச்சையாகவே இருக்கும். பொரியாத இடம்தான் உங்கள் ஓவனின் குளிர்ந்த இடம். பாத்திரத்தின் உயரமும் உள்ளே இருக்கும் உணவும் மாறினால் இந்த இடங்களும் கொஞ்சம் மாறும். ஆகவே இதை நிரந்தர வரைபடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து சக்கரத்தையும் தட்டையும் திரும்பப் பொருத்தி, புதிய அப்பளங்களோடு சுழல விட்டுப் பாருங்கள். இப்போது பொரிந்த இடங்கள் வட்ட வட்டமாக வரும். சுழல் தட்டு செய்வது இவ்வளவுதான், உணவைச் சூடான இடங்கள் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகிறது. தட்டின் நட்டநடுப் புள்ளி மட்டும் எங்கும் நகர்வதில்லை. அங்கே குளிர்ந்த இடம் அமைந்திருந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் அது குளிர்ந்த இடமே. சின்னக் கிண்ணம் எதையாவது சூடாக்கும்போது அதை நடுவில் வைக்காமல் ஓரமாக வையுங்கள்.

இனி சாம்பார் சாதம்

400 கிராம் சாதம், 800 வாட் ஓவன் என்று வைத்துக்கொள்வோம்.

1. சாதத்தை டப்பாவில் இருந்து அகலமான, வட்டமான கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சதுர டப்பா வேண்டாம். மூலைகளில் அலை இரண்டு பக்கத்தில் இருந்தும் பாய்வதால் முதலில் காய்வது மூலைதான். சாதத்தின் உயரம் 3 செ.மீ.க்கு மேல் போகாமல் பரப்புங்கள்.

2. கட்டிகளைக் கரண்டியால் உடைத்து, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். பிறகு நடுவில் இருக்கும் சாதத்தை ஓரத்துக்குத் தள்ளி, பாத்திரத்தின் அடி தெரியும்படி ஒரு குழி செய்யுங்கள். எது நடுவில் இருந்தால் சூடாகாதோ அதை அங்கே இல்லாமலே செய்துவிடுகிறோம். வடை வடிவத்தில் சாதத்துக்கு உள்பக்கமும் ஒரு ஓரம் கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும்.

3. மூடியை இறுக்காமல் மேலே வையுங்கள். ஆவி உள்ளேயே சுற்றி மேற்பரப்பை நனைக்கும், கொஞ்சம் வெளியேறவும் வழி இருக்கும்.

4. ஒன்றரை நிமிடம் முழு பவரில் ஓட விட்டு வெளியே எடுங்கள். ஓரத்தில் ஆவி வரும், உள்ளே இன்னும் ஆறியிருக்கும். கரண்டியை ஓரத்து அடியில் விட்டுச் சூடான சாதத்தை உள்ளே கொண்டுவந்து, உள்சாதத்தை வெளியே தள்ளுங்கள். மேலாக ஒரு சுற்று கலக்கினால் இடம் மாறாது, அடிவரை புரட்ட வேண்டும். மறுபடி குழி செய்யுங்கள்.

5. இன்னும் ஒரு நிமிடம், மறுபடி அதே போலப் புரட்டல். பிறகு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை.

6. மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள்.

இந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அலை நின்ற பிறகும் சூடான பருக்கையில் இருந்து ஆறிய பருக்கைக்குச் சூடு போய்க்கொண்டே இருக்கும். ஓரம் கொஞ்சம் இறங்கும், நடு ஏறும். மூடி திறந்திருந்தால் அந்தச் சூடு ஆவியாகப் போய்விடும். கிளறவே முடியாத உணவுக்கு இது இன்னும் முக்கியம்.

600 வாட் ஓவனாக இருந்தால் ஒவ்வொரு சுற்றையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

சூடாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

மேலே ஆவி வருவதை நம்ப வேண்டாம், அது ஓரத்தில் இருந்தும் வரும். துணி பிடித்துப் பாத்திரத்தைத் தூக்கி, அடிப்பக்கத்தின் நடுவில் கவனமாக விரல் வைத்துப் பாருங்கள். அங்கே ஜில்லென்று இருந்தால் உள்ளேயும் அப்படித்தான். உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் மூன்று நான்கு இடங்களில் குத்திப் பாருங்கள், எல்லா இடத்திலும் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். ஒரு இடம் குறைந்தாலும் இன்னொரு சுற்று கிளறல். ஆனால் இரவு முழுக்க வெளியிலேயே கிடந்த சாதத்தை இந்தச் சூடு காப்பாற்றாது. அதில் சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு சூட்டில் அழிவதில்லை. மிச்சச் சாதத்தைச் சீக்கிரம் ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் மட்டுமே இந்த முறை.

கிளற முடியாத இட்லி

தட்டின் ஓரத்தில் இட்லிகளை வட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். நடு காலியாக இருக்கட்டும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் மூடி, ஆறு இட்லிக்கு ஒரு நிமிடம். நிறுத்தி, ஒவ்வொன்றையும் கவிழ்த்து, வெளிப்பக்கம் இருந்ததை உள்பக்கமாகத் திருப்பி, இன்னும் அரை நிமிடம். பிறகு துணியோடு ஒரு நிமிடம் விடுங்கள்.

ஃப்ரீசரில் உறைந்த இட்லியாக இருந்தால் முழு பவரில் தொடங்க வேண்டாம். பனிக்கட்டி நுண்ணலையை மிகக் குறைவாகவே உள்வாங்கும், தண்ணீர் வேகமாக உள்வாங்கும். முதலில் உருகிய ஓரம் மட்டும் கொதித்து ரப்பராகும்போது நடு கல்லாகவே இருக்கும். டீஃப்ராஸ்ட் அல்லது 30% பவரில் ஓட்டினால் பெரும்பாலான ஓவன்கள் அலையைச் சற்று நேரம் விட்டு, சற்று நேரம் நிறுத்தும். அந்த இடைவெளிகளில் சூடு உள்ளே பரவும். இட்லி முழுக்க இளகிய பிறகு மேலே சொன்னபடி முழு பவரில் சூடாக்கலாம்.