நூறு வயதுப் பாட்டிக்கு வாசிக்கும் வாழ்த்து

எழுத உட்கார்ந்ததும் கை தானாக எழுதும் வரி, "நூறாண்டு வாழ்க". அதை முதலில் அடித்துவிடுங்கள். நூறைத் தொட்டவரிடம் அதைச் சொன்னால் "போதும், கிளம்பு" என்பது போல ஆகிவிடும்!

வாழ்த்து மடலில் கொள்ளுப்பாட்டி என்று இருக்கலாம். வாசிக்கும்போது வேண்டாம், வீட்டில் அப்பத்தா என்றால் அப்பத்தாதான். பழகிய பெயருக்குத்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.

பட்டியல் போடாமல் ஒரே ஒரு நினைவை எடுங்கள். எங்கள் வீட்டில் வாசித்தது இவ்வளவுதான்:

"அப்பத்தா, உங்களுக்கு இன்னைக்கு நூறு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா முந்தானையில முடிஞ்ச கடலைமிட்டாயை எனக்கு மட்டும் தர்றதா சொல்வீங்க. எல்லார்கிட்டயும் அதையேதான் சொன்னீங்கன்னு போன வாரம்தான் தெரிஞ்சது. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். கும்பிட்டுக்கிறோம், ஆசீர்வாதம் பண்ணுங்க."

அரை நிமிடம்கூட ஆகாது. அவர் சிரிக்கவோ, "யாருடா அது?" என்று கேட்கவோ இடம் விட்டால் ஒரு நிமிடம்.

இந்த வயதில் கணவர் மட்டுமல்ல, பெற்ற பிள்ளைகளில் சிலரும் போயிருக்கலாம். அவர்கள் பெயரை எழுதுமுன் உடனிருந்து பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

வாசிக்கும்போது பாட்டையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். மூப்பில் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மங்கும். கத்தினால் குரல் கீச்சென்று உயர்ந்து இன்னும் புரியாமல் போகும். ஸ்பீக்கர் எதிரொலியும் அப்படித்தான். மைக்கைச் சபைக்கு விட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கீச்சிடாத கனத்த குரலில் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.