கடை விலைக்கு வருகிறதா? முதலில் உங்கள் சம்பளத்தைக் கழியுங்கள்

ஓடும் கடையை வாங்குமுன், உரிமையாளர் காட்டும் லாபத்திலிருந்து கல்லாவில் உட்காரப்போகும் உங்களுக்கான சம்பளத்தைக் கழித்துவிட்டு, போட்ட பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஈட்டும் என்று காட்டும் அக வருவாய் விகிதத்தை, அதாவது IRR-ஐக் கணக்கிடுங்கள். ஒரு மளிகைக் கடையின் விலை 12 லட்சம், மூன்றாண்டு சராசரி லாபம் 4.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15,000 சம்பளம் கழித்தால் ஆண்டுக்கு 3 லட்சமே மிஞ்சும். ஐந்தாம் ஆண்டு முடிவில் சரக்கும் முன்பணமுமாக 5 லட்சம் திரும்பும் என்றால், எக்செல் தாளில் A1 முதல் A6 வரை எண்களையும் A7-இல் சூத்திரத்தையும் இப்படி இடுங்கள்:

```
-1200000
300000
300000
300000
300000
800000
=IRR(A1:A6)
```

விடை சுமார் 16.6%. சம்பளத்தைக் கழிக்காவிட்டால் அதே கடை 34% காட்டும். அந்த உபரி முதலீட்டின் வருவாய் அல்ல, உங்கள் உழைப்பின் கூலி.

லாபம் ஆண்டுதோறும் சரிந்துவந்த கடைக்குச் சராசரி பொருந்தாது. வாடகை ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குள் முடிந்தாலும் இந்தக் கணக்கு நிற்காது.